புள்ளிகளை நம்பும் முதலாளிகளுக்கு

குழுவுக்கென்று பாஸ்வேர்டு மேனேஜர் வாங்கிய சிறு நிறுவனங்களில் ஒரே பேச்சுதான் கேட்கிறது. "அவருக்குப் பார்க்க மட்டும்தான் உரிமை. பாஸ்வேர்டையும் மறைத்துத்தான் கொடுத்திருக்கிறோம். அவர் வேலையை விட்டுப் போனாலும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை." மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற தைரியத்தில் வருகிற பேச்சு இது. முதல் வாக்கியம் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது முழுப் பொய்.

பிட்வார்டனையே எடுத்துக்கொள்வோம். ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடை. அதன் இன்ஸ்டாகிராம் கணக்கில் படம் போடவும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் ஒரு பெண்ணை ஒப்பந்தத்தில் அமர்த்துகிறார்கள். கணக்கின் பாஸ்வேர்டு ஒரு கலெக்‌ஷனில் இருக்கிறது. அதில் அவரைச் சேர்க்கும்போது View items, hidden passwords என்ற உரிமையைத் தேர்வு செய்கிறார் கடைக்காரர். இனி அந்தப் பெண்ணின் திரையில் பயனர் பெயர் தெரியும். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். நகலெடுக்கும் பொத்தானும் வேலை செய்யாது. கடைக்காரர் அவர் அருகில் நின்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்.

அவர் பார்த்தது பிட்வார்டனின் திரையை மட்டுமே. பாஸ்வேர்டு போய்ச் சேரும் இடம் இன்ஸ்டாகிராமின் திரை. அந்தப் பெண் உள்நுழையும் பக்கத்தைத் திறந்து தானியங்கி நிரப்பலை அழுத்துகிறார். இரண்டு பெட்டிகளும் நிரம்புகின்றன. பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இன்ஸ்டாகிராமே வைத்திருக்கும் 'காட்டு' என்ற பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டு, முழு பாஸ்வேர்டும் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. இதற்கு ஹேக்கராக இருக்க வேண்டாம். தப்பாகத் தட்டச்சு செய்தோமா என்று பார்க்க எல்லோரும் தினமும் தொடுகிற பொத்தான்தான் அது.

அப்படிப் பொத்தான் இல்லாத தளமாக இருந்தாலும் தடை பெரிதில்லை. எஃப்12 விசையை அழுத்தி கன்சோலில் இந்த ஒரு வரியை எழுதினால் போதும்:

```
document.querySelector('input[type=password]').value
```

இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு. அதில் யாருக்கும் கெட்ட எண்ணமே தேவையில்லை. உள்நுழைந்ததும் குரோம் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்கும். அந்தப் பெண் பழக்கதோஷத்தில் 'சரி' என்று அழுத்திவிடுவார். அந்தக் குரோமில் அவர் தன் சொந்த கூகுள் கணக்கோடு ஒத்திசைவு போட்டிருந்தால், கடையின் பாஸ்வேர்டு அவர் வீட்டுக் கணினிக்கும் கைபேசிக்கும் போய்விடும். பிட்வார்டனில் புள்ளி மறைவு அப்படியே இருக்கும். அது எதையும் அறியாது.

ஏன் இப்படி? குறையாகக் கட்டப்பட்டதால் அல்ல. பிட்வார்டனின் சர்வரால் நம் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது, அது பூட்டிய வடிவில்தான் அங்கே இருக்கிறது. பூட்டைத் திறப்பது பயனரின் சொந்தக் கருவி. ஆகவே பாஸ்வேர்டை நிரப்ப வேண்டுமென்றால் முழுப் பாஸ்வேர்டும் அந்தக் கருவிக்கு வந்தே தீர வேண்டும். கூடவே `viewPassword: false` என்று ஒரு குறிப்பும் வருகிறது. அதை மதித்துப் புள்ளி வைப்பது செயலியின் வேலை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அதன் பல்லைப் பார்க்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிட்வார்டனும் இதை ஒளிக்கவில்லை: மறைத்தல் எளிதாக நகலெடுப்பதைத் தடுக்குமே தவிர முழுத் தடையல்ல, மற்ற பகிர்ந்த பாஸ்வேர்டுகளைப் போலவே இதையும் நடத்துங்கள் என்று அதன் உதவிக் குறிப்பே சொல்கிறது. அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

இரண்டு உரிமைகளையும் ஒரே தராசில் வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 'பார்க்க மட்டும்' என்பது உண்மையான தடை. பதிவைத் திருத்த அவர் முயன்றால் சர்வரே ஏற்காது. அவர் கருவியில் என்ன சித்து வேலை செய்தாலும் பலிக்காது. 'மறைத்தது' என்பது அவருடைய கருவியின் நல்ல மனதை நம்பி நிற்பது. ஒன்று சர்வரில் நடக்கிறது, மற்றது அவர் மேசையில் நடக்கிறது.

இந்தக் கலவையில் மிக விசித்திரமானது Edit items, hidden passwords என்ற உரிமை. திருத்தலாம், பார்க்கக் கூடாது. திருத்தும் உரிமை இருந்தால் அந்தப் பதிவில் இணைய முகவரியையும் மாற்றலாமே! தானே எழுதிய ஒரு வெற்றுப் பக்கத்தின் முகவரியை அதில் சேர்த்து, அங்கே போய் நிரப்பச் சொன்னால், பாஸ்வேர்டு அவர் பக்கத்தின் பெட்டியில் வந்து உட்காரும். இதைத் தேர்வு செய்பவர்கள் எந்தத் தடையை மனதில் வைத்துத் தேர்வு செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

"எங்கள் ஆட்கள் அவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் இல்லை" என்று பதில் வரும். விவரம் தேவைப்படாத வழிகளைத்தான் முதலில் சொன்னேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மறைத்தலால் பயன் உண்டு. பாஸ்வேர்டை நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒட்டும் வியாதி இதனால் குறைகிறது. மேசைக்குப் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பதும் குறைகிறது. அந்த அளவில் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பேரில் பாஸ்வேர்டு மாற்றாமல் இருப்பதைத்தான் கண்டிக்கிறேன்.

சரி, அந்தப் பெண் போகிறார் என்று வையுங்கள். நல்ல மனிதர்தான், சண்டையில்லாமல் போகிறார். அதனால் வேலை குறையாது. முதலில் அவரை நிறுவனக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பிறகுதான் இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் மாற்றி, கலெக்‌ஷனில் புதியதைச் சேமித்து, சாவகாசமாக அவரை நீக்குகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் கருவி ஒத்திசைந்தால் புதியதும் அவரிடம் போய்விடும். இன்ஸ்டாகிராமில் உள்நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை என்று பாருங்கள். அவர் வசதிக்காகத் தன் எண்ணையே கொடுத்து வைத்திருந்தால் நீங்கள் புதுப் பாஸ்வேர்டு வைத்தும் பயனில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு எந்தக் கைபேசிக்கு வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு வேலையா என்று அலுத்துக்கொள்பவர்கள், பாஸ்வேர்டைப் பகிராமல் இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். கடை வைத்திருப்பது இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்குதானே? மெட்டா பிசினஸ் சூட் வழியாக அவருடைய சொந்தக் கணக்குக்கே பதிவிடவும் செய்திக்குப் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி கொடுக்கலாம். அவர் போகும் அன்று அந்த அனுமதியை எடுத்துவிட்டால் போதும்; பாஸ்வேர்டு அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. டொமைன் விற்கும் நிறுவனங்கள் சிலவற்றிலும் தனிப் பயனருக்குத் தனி அனுமதி தரும் வசதி உண்டு. அப்படித் தரவே தராத தளங்களுக்கு மட்டும் பகிர்ந்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால், ஆள் போகும் நாளில் மாற்ற வேண்டியவை எவை என்று தேட வேண்டியிருக்காது.