பாதி லாபம் கடைசி நாளில்! காலண்டர் ஸ்ப்ரெட் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முழு ஐஸ் பார் மெதுவாகத்தான் கரையும். அதே ஐஸை உடைத்துக் கூடையில் கொட்டினால் கண் முன்னே தண்ணீராகிவிடும். இரண்டும் ஐஸ்தான், வெயிலும் ஒன்றுதான். கரையும் வேகம் மட்டும் வேறு.

ஆப்ஷன் சந்தையில் 'காலண்டர் ஸ்ப்ரெட்' என்று சொல்வது இந்த வித்தியாசத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். சீக்கிரம் முடியப்போகும் ஆப்ஷனை விற்பது, அதே விலைப் புள்ளியில் இன்னும் நாள் இருக்கும் ஆப்ஷனை வாங்குவது. விற்றது வேகமாகக் கரையும், வாங்கியது மெதுவாகக் கரையும், நடுவில் இருப்பது நமக்கு.

"திருவொற்றியூரில் எங்கள் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் இதைச் செய்கிறார்கள். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை, நாள் போனால் காசு என்கிறார்கள். செட்டில்மென்ட் பணத்தில் கொஞ்சம் போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாள் போனால் காசு என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

நாலு மடங்கு நாள், இரண்டு மடங்கு விலை

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் இரண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று 7 நாளில் முடிகிறது, இன்னொன்று 28 நாளில். சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், அதாவது ஆப்ஷன் பட்டியலில் ஐ.வி. என்று வருமே, அது இரண்டுக்கும் 12 சதவிகிதம். வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், 7 நாள் ஆப்ஷனின் பிரீமியம் சுமார் 166 ரூபாய். 28 நாள் ஆப்ஷன் சுமார் 331 ரூபாய்.

நாள் நாலு மடங்கு. விலையோ இரண்டு மடங்குதான். ஸ்ட்ரைக்கும் சந்தையும் ஒரே இடத்தில் இருக்கும்போது பிரீமியம் நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி நகர்கிறது. காலண்டர் ஸ்ப்ரெட்டின் அஸ்திவாரமே இந்த ஒரு வரிதான்.

331 கொடுத்து வாங்கி, 166-க்கு விற்றால் கையிலிருந்து போவது 165 ரூபாய். நிஃப்டி லாட் 65 என்றால் 10,725 ரூபாய். இரண்டையும் சேர்த்தே வைத்திருந்து, முதல் எக்ஸ்பைரியில் சேர்த்தே முடித்தால், அதிகபட்ச நஷ்டம் ஏறக்குறைய இதுதான். இது இந்த முறையின் நிஜமான நல்ல குணம்.

ஏழு நாள் கழித்து நிஃப்டி சரியாக 25,000-லேயே நின்றால், விற்ற ஆப்ஷன் பூஜ்யம். வாங்கியதில் 21 நாள் மிச்சம் இருப்பதால் அதன் விலை சுமார் 287. நாம் போட்டது 165, கையில் 287. லாபம் 122 ரூபாய், ஒரு லாட்டுக்கு 7,930 ரூபாய். அந்த ஒரே வாரத்தில் ஒன்று 166 ரூபாய் கரைந்தது, இன்னொன்று 44 ரூபாய்தான் கரைந்தது.

சந்தை நகர்ந்தால்?

நிஃப்டி 500 புள்ளி ஏறியோ இறங்கியோ முடிந்தால் இரண்டு ஆப்ஷனுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 104 ரூபாயாகச் சுருங்கிவிடும். 61 ரூபாய் நஷ்டம். ஆயிரம் புள்ளி நகர்ந்தால் வித்தியாசம் 30 ரூபாய்கூடத் தேறாது. ஸ்ட்ரைக்கிலிருந்து தூரம் போகப் போக இரண்டு ஆப்ஷனிலும் கரைவதற்கு 'காலம்' என்று ஒன்றும் மிச்சம் இருக்காது, அதனால்தான் இப்படி.

நம் உதாரணத்தில் லாப எல்லை இரண்டு பக்கமும் சுமார் 290 புள்ளி. 12 சதவிகித ஐ.வி. என்றால், ஒரு வாரத்தில் நிஃப்டி 400 புள்ளிக்கு மேல் நகர்வதுகூடச் சகஜம் என்றுதான் சந்தை நினைக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்குப்படி 290 புள்ளிக்குள் முடிய வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. "ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை" என்பது தவறு. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

பார் ஐஸும் கரையும்

நாம் வாங்கி வைத்திருக்கும் தூரத்து ஆப்ஷனை நாள் மட்டும் கரைப்பதில்லை, ஐ.வி. குறைந்தாலும் கரையும். நிஃப்டி அசையாமல் 25,000-ல் நின்று, ஐ.வி. 12-லிருந்து 9-க்கு இறங்கினால், 287 இருக்க வேண்டிய ஆப்ஷன் 215-தான் இருக்கும். 122 ரூபாய் லாபம் 50 ஆகிவிடும். லாப எல்லையும் 290 புள்ளியிலிருந்து சுமார் 110 புள்ளிக்குச் சுருங்கிவிடும். பலரும் கவனிக்காத இடம் இது.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வாரத்தைப் பாருங்கள். மே 31 அன்று நிஃப்டி 22,530-ல் முடிந்தது. பயத்தின் அளவுகோலான இந்தியா விக்ஸ் 24-க்கு மேல் இருந்தது. ஜூன் 3 அன்று நிஃப்டி 700 புள்ளிக்கு மேல் ஏறியது. முடிவு வந்த ஜூன் 4 அன்று 1,379 புள்ளி விழுந்தது. மறுநாள் மறுபடி 700 புள்ளிக்கு மேல் ஏறி, வார எக்ஸ்பைரியான ஜூன் 6 அன்று 22,821-ல் முடிந்தது. இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் கிளம்பிய இடத்திலிருந்து 300 புள்ளி தள்ளித்தான் நின்றது. ஆனால் விக்ஸ் 17-க்கு அருகே வந்திருந்தது. மே 31 அன்று 22,500-ல் காலண்டர் போட்டவருக்கு விலை கிட்டத்தட்டத் திரும்பி வந்தது, அவர் பயத்துக்குக் கொடுத்த விலை திரும்பவில்லை. நடுவில் ஜூன் 4 அன்று அவருடைய திரை என்ன காட்டியிருக்கும் என்பது தனிக் கதை.

ஆகவே ஐ.வி. உச்சத்தில் இருக்கும்போது தூரத்து ஆப்ஷனை வாங்குவது, ஆடி மாதத்தில் வாங்க வேண்டியதை முகூர்த்த சீசனில் வாங்குவது மாதிரி. தேர்தல், பட்ஜெட் மாதிரி பெரிய நாள் முதல் எக்ஸ்பைரிக்கு முன்னாலேயே வருகிறதா என்று காலண்டர் போடும் முன் நிஜ காலண்டரையும் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சங்கதி

நிஃப்டி வார எக்ஸ்பைரி 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமை. நம் உதாரணத்தில் திங்கள் மாலை, அதாவது ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது, நிஃப்டி 25,000-லேயே இருந்தால் என்ன நிலவரம்? விற்ற ஆப்ஷன் இன்னும் 63 ரூபாய் இருக்கும். வாங்கியது சுமார் 294. அந்த நேரத்து லாபம் 66 ரூபாய்தான். 122-ல் மீதி 56 ரூபாய் செவ்வாய் ஒரே நாளில் வர வேண்டும். ஆறு நாளில் வந்தது பாதி, கடைசி நாளில் வருவது பாதி.

அந்தப் பாதிக்குத்தான் விதி மாறியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2025 பிப்ரவரி 1 முதல், இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் எக்ஸ்பைரி நாளன்று காலண்டர் ஸ்ப்ரெட்டுக்கான மார்ஜின் சலுகை கிடையாது. மற்ற நாட்களில் 'இவர் விற்றதற்கு எதிராக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்' என்று மார்ஜினைக் குறைப்பார்கள். எக்ஸ்பைரி அன்று, விற்ற ஆப்ஷனை யாரும் துணை இல்லாத தனி ஆளாகவே பார்ப்பார்கள். முழு மார்ஜினும் கட்ட வேண்டும். ஒரு லாட்டின் மதிப்பு 16.25 லட்சம் என்னும்போது, அது பொதுவாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். எக்ஸ்பைரி நாளில் விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு 2 சதவிகிதக் கூடுதல் மார்ஜினும் உண்டு. அதுவே 32,500 ரூபாய்.

10,725 ரூபாய்தானே என்று நம்பி இறங்கியவர் கணக்கில் அந்தப் பணம் இல்லாவிட்டால், பெனால்டி வரும், அல்லது புரோக்கரே பொசிஷனை முடித்துவிடுவார். அவர் முடிக்கும் நேரம் நமக்குத் தோதான நேரமாக இருக்காது.

இதை விதியின் கெடுபிடி என்று மட்டும் பார்க்க வேண்டாம். கடைசி நாளில் நிஃப்டி 200 புள்ளி ஏறினால், விற்ற ஆப்ஷன் அதை ஏறக்குறைய அப்படியே பிரதிபலிக்கும், வாங்கியது பாதி வேகத்தில்தான் வரும். துணை என்று நாம் நினைத்தது அன்று மெதுவாக நடக்கும் துணை. திங்கள் மாலையே 66 ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியேறுவதை முன்கூட்டியே திட்டமாக வைத்துக்கொண்டு, அந்த 66-க்கு இந்த ரிஸ்க் தகுமா என்று கணக்கு போடுவதுதான் முறை. நாலு ஆர்டருக்கான புரோக்கரேஜ், எஸ்.டி.டி. வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

ஆர்டர் போடும் வரிசையும் முக்கியம். நுழையும்போது முதலில் தூரத்து ஆப்ஷனை வாங்குங்கள், பிறகு பக்கத்து ஆப்ஷனை விற்கலாம். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள். வரிசை மாறினால் சில நொடிக்காவது தனியாக விற்றவர் ஆகிவிடுவீர்கள், மார்ஜின் எகிறும். பக்கத்து ஆப்ஷன் முடிந்த பிறகு தூரத்து ஆப்ஷனை 'இருக்கட்டும்' என்று விட்டு வைத்தால் அது காலண்டர் இல்லை. தினமும் கரையும் ஓர் ஆப்ஷனை வெறுமனே வைத்திருக்கிறீர்கள்.

தெரிந்த கம்பெனி பங்கில் செய்யலாமா?

எண்ணூர் பக்கம் அசோக் லேலண்டில் ஒருவராவது வேலை பார்க்காத தெரு குறைவு. பழக்கப்பட்ட கம்பெனி என்று அந்தப் பங்கின் ஆப்ஷனில் இதைச் செய்ய ஆசை வரும். பங்கு ஆப்ஷனில் வார எக்ஸ்பைரி கிடையாது, மாத எக்ஸ்பைரி மட்டும்தான். அடுத்த மாத ஆப்ஷனில் வாங்க, விற்க ஆட்கள் குறைவு, விலை இடைவெளி அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் டெலிவரி. நிஃப்டியில் பணமாகவே கணக்கு தீரும். பங்கு ஆப்ஷன்களில் 2019 அக்டோபர் முதல் பங்கையே கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் விற்ற கால் ஆப்ஷன் ஸ்ட்ரைக்குக்கு மேலே முடிந்தால், ஒரு லாட்டுக்கு ஆயிரக்கணக்கான பங்குகளை டெலிவரி கொடுக்க வேண்டும். அடுத்த மாத ஆப்ஷன் கையில் இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. பங்கு இல்லாதவர் சந்தை ஏலத்தின் விலையில் தீர்க்க வேண்டி வரும்.

செட்டில்மென்ட் பணம் பற்றிக் கேட்டவருக்கு ஒரு புள்ளிவிவரம். 2024-25-ல் பங்கு டெரிவேட்டிவ் வியாபாரம் செய்த தனிநபர்களில் சுமார் 91 சதவிகிதம் பேர் நிகர நஷ்டம் அடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. காலண்டர் ஸ்ப்ரெட் அந்தக் கூட்டத்தில் நஷ்டத்துக்கு எல்லை உள்ள வகை. ஆனால் மாதச் சம்பளம் மாதிரி வரும் பணம் அல்ல. முதலில் இரண்டு மாதம் பணம் போடாமல், ஒரு நோட்டில் மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: போட்ட அன்று இரண்டு ஆப்ஷனின் விலை வித்தியாசம், தூரத்து ஆப்ஷனின் ஐ.வி., திங்கள் மாலை அதே வித்தியாசம். எட்டு வாரத்தில் எத்தனை வாரம் அது பெரிதானது, எத்தனை வாரம் சுருங்கியது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.