பெஞ்சில் இல்லாதவர்கள்

தாதியர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு சிறிய ஆய்வு கொடுத்தார்கள். நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் பாதங்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வித்தாள் வைத்துக் கேட்க வேண்டும். நான் மேருவில் வளர்ந்தவள். கிள்ளான் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் அனுமதி கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் போய், காத்திருப்பவர்களின் பெஞ்சருகே உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிக்குள் முப்பது பாரங்கள் நிரம்பிவிட்டன. அன்று எனக்கு ஏக மகிழ்ச்சி.

விரிவுரையாளர் பாரங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெஞ்சில் யார் இல்லை?"

யோசிக்க யோசிக்கப் பட்டியல் நீண்டது. செவ்வாய் காலை தொழிற்சாலையில் ஷிஃப்டில் நிற்பவர் அங்கே இல்லை. லோரி ஓட்டுபவர் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியம் பார்ப்பவர் இல்லை. பாதத்தில் புண் வந்து நடக்க முடியாமல் வீட்டில் கிடப்பவரும் இல்லை. பாதப் பராமரிப்பைப் பற்றி, பாதம் நன்றாக இருந்து கிளினிக் வரை நடந்து வந்தவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன்! "பெரும்பாலோர் தினமும் பாதத்தைப் பார்க்கிறார்கள்" என்ற என் முடிவு பிறகு எனக்கே சிரிப்பை வரவழைத்தது.

கைக்கு எட்டியவர்களை வைத்துச் செய்யும் இப்படிப்பட்ட ஆய்வுக்கு வசதி மாதிரி என்று பெயர். இதற்கு மாறானது சமவாய்ப்பு மாதிரி. அதில் யாரைக் கேட்பது என்பதை ஆய்வாளர் முடிவு செய்வதில்லை, சீட்டு முடிவு செய்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும்.

எங்கள் கிளினிக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நீரிழிவுப் பதிவேட்டில் 240 பேர் இருக்கிறார்கள், எனக்கு 60 பேர் வேண்டும் என்று வையுங்கள். 240ஐ 60ஆல் வகுத்தால் 4. ஒன்றிலிருந்து நான்கு வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். 3 வந்தால் பதிவேட்டில் 3, 7, 11, 15 என்று நான்கு நான்காகத் தாண்டிப் போக வேண்டியதுதான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அரைமணிக்கு நான்கு பேர் என்று நேரம் ஒதுக்கி, அந்த வரிசையிலேயே பதிவேடு எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் மூன்றாவதாக வருபவர் மட்டுமே சிக்குவார். ஆகவே பட்டியல் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை மாணவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. எண்களை நாம் சொல்லலாம். பெயர்களைப் பார்த்து அழைப்பது கிளினிக் ஊழியராக இருக்க வேண்டும்.

அந்த விரிவுரையாளரின் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டுகிறது. அதில் கிளினிக் பெஞ்சில் யாரும் உட்கார்வதில்லை. நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, மாநிலம், நகரம், கிராமம் என்று வகைப்படுத்தி, சில வட்டாரங்களைச் சமவாய்ப்பு முறையில் எடுக்கிறார்கள். அந்த வட்டாரங்களுக்குள் வீடுகளையும் அப்படியே தேர்ந்தெடுத்துக் கதவைத் தட்டுகிறார்கள். 2019இல் அப்படிப் பார்த்தபோது, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினரின் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 8.9 விழுக்காட்டினருக்கு, அன்றுவரை அது தெரியாது. அந்தப் பாதிப் பேர் எந்த நீரிழிவு கிளினிக்கின் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் முப்பது பேருக்குப் பதில் மூவாயிரம் பேரைப் பெஞ்சில் பிடித்திருந்தாலும் அவர்களில் ஒருவர்கூட அதில் வந்திருக்க முடியாது. மாதிரியின் அளவைக் கூட்டினால் தவறு சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வசதி மாதிரியைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை கணக்கு சம்பந்தப்பட்டதல்ல. ஆய்வாளருக்கு மிக வசதியானவர் யார்? எழுந்து போக முடியாதவர். இதற்குக் கோலாலம்பூரிலேயே நூறாண்டுக்கு முந்தைய உதாரணம் ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்ற நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டில் மட்டும் 94 பேருக்கு அது வந்தது, 27 பேர் இறந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் மட்டும் இந்த நோய் அரிதாக இருப்பதைச் சில மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. மருத்துவமனையிலோ தீட்டிய வெள்ளை அரிசி போட்டார்கள். (பாட்டி ஏன் புழுங்கல் அரிசியை விடவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.)

வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். 1905 டிசம்பரில் நோயாளிகள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், அவர்களுக்குப் பழையபடி வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு, அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இருவருக்கும் ஒன்றே. குற்றம் அரிசியிலா கட்டடத்திலா என்ற சந்தேகம் தீர, 1906ஆம் ஆண்டின் நடுவில் வார்டுகளையும் மாற்றிப் பார்த்தார். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பக்கமும் 120 பேரைச் சற்று ஒட்டியே இருந்தது. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் இருவருக்கு மட்டுமே நோய், அதுவும் வரும்போதே கொண்டுவந்தது. மரணம் ஒன்றுகூட இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கியது.

ஆய்வுமுறையை மட்டும் பார்த்தால், அந்தக் காலத்துக்கு இது அபாரமான வேலை. இங்கே மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயமும் இருக்கிறது. பிளெச்சர் ஆட்களைப் பாகுபாடின்றி இரண்டாகப் பிரித்தார். ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது அப்படியல்ல. மருத்துவமனையில் அகப்பட்டவர்கள்தான் மாதிரி. எனவே இரு குழுக்களுக்கும் இடையே அரிசி செய்த வேறுபாட்டை அவர் நம்பிச் சொல்லலாம். மலாயாவில் எத்தனை விழுக்காட்டினருக்குப் பெரிபெரி என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஒற்றை, இரட்டை என்று பிரிப்பதும் சீட்டுக் குலுக்குவதற்கு ஈடாகாது. அடுத்த இடம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், பிரிப்பவர் தெரிந்தோ தெரியாமலோ ஆளை நகர்த்திவிடலாம்.

அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பூட்டிய கதவுக்குள் இருந்தவர்கள், போட்டதைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் முன்பு போட்டது அதே வெள்ளை அரிசிதானே என்று வாதிடலாம். இருந்தாலும் மாதக்கணக்கில் கிழக்கு வார்டில் நோய் ஏறிக்கொண்டே போனபோது, அங்கிருந்த ஒருவர் "எனக்கு அந்தப் பக்கத்து அரிசி கொடுங்கள்" என்று கேட்க வழியில்லை. ஆய்வில் தான் ஒரு பகுதி என்பதே அவருக்குத் தெரிந்திருக்குமா?

இன்று ஒப்புதல் படிவம் அந்த வழியைத்தான் திறந்து வைக்கிறது. சுகாதார அமைச்சின் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ ஆய்வு செய்ய வேண்டுமானால், அதைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், என்ன ஆபத்து, தகவலை யார் பார்ப்பார், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதெல்லாம் தகவல் தாளில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், விவரம் புரிகிற பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

தாளில் எல்லாம் சரிதான். என் செவ்வாய்க்கிழமையில் நடந்தது வேறு. நான் சீருடையில் இருந்தேன். தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. ஒரு பாட்டி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் மிஸ்ஸி, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். நானும் இடத்தைக் காட்டினேன். அவர் ஆய்வுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மிஸ்ஸியை மறுத்தால் மருந்து கிடைக்கத் தாமதமாகுமோ என்ற பயத்துக்கு ஒப்புக்கொண்டார். அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்று நான் இனி சொல்ல மாட்டேன். சிகிச்சை தரும் தாதியே ஒப்புதலும் வாங்கக் கூடாது, தமிழ் பேசுபவர்களிடம் போகும் ஆய்வுக்குத் தமிழில் தகவல் தாள் கட்டாயம் என்பது என் கருத்து. மொழிபெயர்க்கச் செலவாகும் என்பார்கள். இரண்டு பக்கம்தானே!

ஒப்புதலை உண்மையாகக் கேட்டால் சிலர் மறுப்பார்கள். மறுப்பவர்கள் கூடினால் சமவாய்ப்பு மாதிரியும் சாய்ந்துவிடும். சீட்டில் வந்த ஏழாம் எண்காரர் மறுத்தால், பக்கத்தில் சும்மா இருக்கும் எட்டாம் எண்காரரைப் பிடிக்க மனம் துடிக்கும். பிடித்தால் அந்த நொடியே அது மறுபடியும் வசதி மாதிரி. ஏழாம் எண்காரரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாலோ, ஒப்புதலுக்குப் பொருளில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். அறுபது பேரை அழைத்தோம், இத்தனை பேர் மறுத்தார்கள், அவர்கள் ஆணா பெண்ணா, எந்த வயதினர் என்று நமக்குத் தெரிந்த அளவு இதோ என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும். வாசிப்பவர் எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். பெஞ்சில் எடுத்த மாதிரியையும் "பெஞ்சில் எடுத்தது" என்று வெளிப்படையாக எழுதினால் அதற்கும் ஒரு பயன் உண்டு. கேள்விகள் புரிகின்றனவா என்று சோதிக்க அது போதும். என் முப்பது பாரங்களும் கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டன.

இரண்டாம் முறை சீருடை இல்லாமல், தமிழில் எழுதிய தாளோடு போனேன். சீட்டில் வந்த எண்களில் அதே பாட்டியும் இருந்தார். வரிவரியாக வாசித்துக் காட்டி, "வேண்டாம் என்றாலும் உங்கள் மருந்துக்கு ஒன்றும் ஆகாது பாட்டி" என்றேன்.

"அப்படியாம்மா? அப்ப வேணாம். எனக்கு பஸ் வந்துடும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுத்தவர்கள் பத்தியில் முதல் கோடு அவருடையது.