“கடனைக் கட்டாதே, முதலீடு பண்ணு” என்று சொல்லும் அண்ணன்மாருக்கு

ஃபோனைத் திறந்தா கோட் போட்ட ஒரு அண்ணன் வந்து நிக்கிறார். “கடனை அவசரப்பட்டு அடைக்காதீங்க. கையில இருக்கிற காசை முதலீடு பண்ணுங்க. பணக்காரங்க அப்படித்தான் வளர்ந்தாங்க.” இதைப் பார்த்துட்டு மொனராகலையில் எங்க வீட்டில் தம்பி ஒரு வாதம் வைத்தான். அம்மா பால் வெட்டிச் சேர்த்த 70,000 ரூபா இருக்கு. அதில் குழுக் கடனை அடைக்க வேண்டாம், 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போடுவோம் என்றான்.

அந்த அண்ணன்மார் பேசும் கடன் வேற, எங்க தோட்டத்துக் கடன் வேற. எங்க பிரச்சினை அங்கேதான் தொடங்குது.

அம்மா எடுத்தது 120,000 ரூபா. வட்டி வருஷத்துக்கு 18 வீதம், ரெண்டு வருஷம். அதனால வட்டி 43,200. மொத்தம் 163,200. மாசம் 6,800 வீதம் 24 தவணை. தம்பி இதை “18க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம்” என்று பார்த்தான். அது 18ம் இல்லை. மாசாமாசம் முதலில் ஒரு பகுதி திரும்பிப் போய்க்கொண்டே இருக்கு, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 120,000க்கும் போடுறாங்க. கையில் இல்லாத காசுக்கும் வட்டி. மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்று திருப்பிக் கணக்குப் போட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 31 வீதம் வருது. வங்கி வைப்பு எதுவும் இன்றைக்கு அதுக்குக் கிட்டவும் வராது. “வரும், மாசம் 10 வீதம் தாறோம்” என்று யாராவது வந்தா, மத்திய வங்கி தடைசெய்த பிரமிட் திட்டங்களின் பட்டியலை முதலில் பாருங்க.

சரி, 12 தவணை முடிஞ்சுது என்று வைப்போம். மீதித் தவணைகளைக் கூட்டினா 81,600. ஆனா இன்றே முடிச்சா, மேலே சொன்ன முறைப்படி கட்ட வேண்டியது சுமார் 69,250 தான். வைப்பில் போட்டா அந்த 70,000 வருஷக் கடைசியில் 75,600 ஆகும். கடனை முடிச்சா மாசம் 6,800 வீட்டில் நிக்கும். அதைச் செலவழிக்காம சும்மா டப்பாவில் போட்டு வச்சாலே 81,600. டப்பா வங்கியை ஜெயிக்குது!

ஆனா “கடன் இல்லாட்டித்தான் நிம்மதி” என்று சொல்லும் பெரியவங்களும் கணக்குப் பார்க்கிறதில்லை. முன்கூட்டியே முடிச்சா வட்டி குறையும் என்பது தானா நடக்கிற விஷயமில்லை. அம்மா கேட்டப்போ கடன் அதிகாரி வாயால் சொன்ன தொகை முழு 81,600. அப்படின்னா முன்கூட்டிக் கட்டுவதில் ஒரு சதமும் மிச்சமில்லை, வைப்பே மேல். அதனால ஒரு ரூபா கொடுக்க முன்னமே “இன்றைக்கு முடித்தால் எவ்வளவு, அபராதம் எவ்வளவு” என்று எழுத்தில் கேளுங்க. மற்றவங்க கடனுக்கு நீங்க போட்ட பிணைக் கையெழுத்து உங்க கடன் முடிஞ்ச பிறகும் நிக்குமா என்றும் கேளுங்க. எழுத்தில் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு 69,000 சொச்சம் என்ற தொகை வந்தது.

வட்டி வீதமும் மாறும். 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டப்போ வைப்பு வட்டி 20 வீதத்தையும் தாண்டியது. அதுக்கு முன்னால் 10, 12 வீத மாறா வட்டியில் கடன் எடுத்தவங்க அவசரமா அடைச்சிருந்தா நட்டம்தான். அந்த வருஷம் கோட் போட்ட அண்ணன் சொன்னது சரி. ஆனா அவருடைய வாய்ப்பாடு எல்லாக் கடனுக்கும் பொருந்தாது.

இன்னொன்று. 70,000ஐயும் கொட்டிட்டு வெறுங்கையோட இருந்தா, மழைக்குப் பால் வெட்டு நின்ற மாசம் அதே கம்பனிக்கிட்டதான் போய் நிக்கணும், இல்லாட்டி தோட்டை அடகு வைக்கணும். அதனால அம்மா இன்னும் மூணு தவணை கட்டினாங்க. அப்போ முடிக்கும் தொகை சுமார் 53,900 ஆச்சு. மீதி 16,000 கையில் வச்சுக்கிட்டு கடனை முடிச்சாங்க. மூணு மாசம் பொறுத்ததால மிச்சம் 12,350இலிருந்து 7,300 ஆகக் குறைந்தது. அந்த 5,000 சொச்சம், திரும்பக் கடன்காரியா ஆகாம இருக்க அம்மா கொடுத்த விலை. அது அதிகம் என்று எனக்குத் தோணலை.

அண்ணன்மாரே, அடுத்த வீடியோவில் “முதலீடு பண்ணு” என்று சொல்ல முதல், கேட்கிறவரின் கடன் அட்டையை ஒருதரம் வாங்கிப் பாருங்க. அதிலே இருக்கிற வட்டி 18 இல்லை.