டபிள்யூ.டி.வி. எப்பவும் ஜெயிக்குமா?

இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பரீட்சையில் எல்லோரும் ஒரு வரியை மனப்பாடமா எழுதுவோம்: "குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆரம்ப வருஷங்களில் தேய்மானம் அதிகம், அதனால் வரிச் சேமிப்பின் நிகழ்கால மதிப்பும் நேர்கோட்டு முறையைவிட அதிகம்." இந்த வரி பாதிதான் உண்மை என்பது என் கருத்து. போடியிலேயே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், வாங்க.

ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் காயை நிறம் பார்த்துப் பிரிக்க 10 லட்ச ரூபாய்க்கு ஒரு கலர் சார்ட்டர் வாங்குகிறார்னு வைங்க. வரி 30 சதவீதம், வட்டி 12 சதவீதம். செஸ்ஸை விட்டுடுவோம்.

முதலில் நேர்கோட்டு முறை, 10 வருஷம். வருஷத்துக்கு 1 லட்சம் தேய்மானம், அதனால் 30,000 வரி மிச்சம். 10 வருஷத்துக்கும் 12 சதவீதத்தில் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 1,69,500 ரூபாய்.

அடுத்து டபிள்யூ.டி.வி. நம்ம வருமான வரி விதியில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். முதல் வருஷம் 1,50,000, அடுத்த வருஷம் 1,27,500 என்று குறைந்துகொண்டே போகும், ஆனால் முடியவே முடியாது. அந்தத் தொடரை முழுசா கூட்டினால் ஒரு சின்ன சூத்திரம் கிடைக்கும்:

PV = C × d × t / (r + d)

10,00,000 × 0.15 × 0.30 / 0.27 = சுமார் 1,66,700 ரூபாய். அதாவது மனப்பாட வரிக்கு நேர்மாறா நேர்கோடு கொஞ்சம் முந்திவிட்டது!

ஏன்? முதல் மூணு வருஷமும் டபிள்யூ.டி.வி. முன்னாடி ஓடுது. நாலாவது வருஷம் அதோட தேய்மானம் 92,000 சொச்சமாகி, 1 லட்சத்துக்குக் கீழே இறங்கிடுது. பத்து வருஷம் முடியும்போதும் 1,96,900 ரூபாய் கழிக்கப்படாமல் மிச்சம் நிற்கும். அந்த வால்தான் தோற்கடிக்குது. அதே இயந்திரத்துக்கு நேர்கோட்டில் 15 வருஷம் போடுங்க: மதிப்பு 1,36,200-க்கு இறங்கி, டபிள்யூ.டி.வி. சுமார் 30,000 முந்தும். ஆக, தீர்ப்பு சொல்வது முறையின் பெயர் இல்லை, சதவீதமும் ஆயுளும்தான்.

நம்மில் பலர் பண்ணும் தப்பு ஒண்ணு: பத்தாவது வருஷத்தோடு அட்டவணையை நிறுத்திவிடுவது. அப்படி நிறுத்தினால் டபிள்யூ.டி.வி. 1,56,100 என்று வரும், வால் பகுதியின் சேமிப்பு காணாமல் போகும். விதிப்படி அந்த மிச்சம் மற்ற இயந்திரங்களோடு ஒரே தொகுதியில் இருந்து வருஷாவருஷம் கழிந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம். நம்ம வியாபாரிக்கு இதில் தேர்வே கிடையாது. கணக்குப் புத்தகத்தில் நேர்கோடு போடலாம், வரிக்கு டபிள்யூ.டி.வி. மட்டும்தான். அவர் கையில் இருப்பது மாதம். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா ஓடினால் பாதி விகிதம்தான், 7.5 சதவீதம். அக்டோபர் முதல் வாரம் தாண்டி, சீசன் மும்முரத்தில் வாங்கி ஓட்டினால் மேலே சொன்ன 1,66,700 சுமார் 1,57,700 ஆகிடும். செப்டம்பரில் ஓட்டியிருந்தால் 9,000 ரூபாய் கையில் நின்றிருக்கும். போடிமெட்டு பக்கம் தன் தோட்டத்துக் காயை மட்டும் உலர்த்தி விற்கும் விவசாயிக்கோ இந்தக் கணக்கே வேண்டாம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை, வரி இல்லாத இடத்தில் வரிச் சேமிப்பும் இல்லை.

நிஜமான தேர்வு பார்க்கணும்னா ஆண்டிபட்டி பக்கம் சுத்துற காற்றாலையைப் பாருங்க. மின் உற்பத்தி செய்பவர் நேர்கோட்டில் 7.69 சதவீதமோ, டபிள்யூ.டி.வி.யில் 40 சதவீதமோ எடுக்கலாம் (2017 ஏப்ரலுக்கு முன் 80 வரை இருந்தது). அதே 10 லட்சத்துக்கு முதலாவது சுமார் 1,48,000, இரண்டாவது சுமார் 2,30,800. இங்கே சந்தேகமே இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை: அவ்வளவு தேய்மானத்தையும் கழிக்க அந்த வருஷமே லாபம் இருக்கணும். இல்லைன்னா அது அடுத்த வருஷங்களுக்குத் தள்ளிப் போகும். தள்ளிப்போன ஒவ்வொரு வருஷமும் 12 சதவீதம் தின்னும். ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் மாத்தவும் முடியாது.

அதனால் என் கோரிக்கை இதுதான்: "எந்த முறை சிறந்தது?" என்ற ரெண்டு மார்க் கேள்வியைத் தூக்கிட்டு, விகிதம், ஆயுள், வட்டி, லாபம் நாலையும் கொடுத்துக் கணக்கு போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்க அடுத்த தடவை அந்த வரியை எழுதும்போது, நாலாவது வருஷத்தை மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துட்டு எழுதுங்க.