வெளிநாட்டுக் கடன்காரருக்கு வளர்ச்சியோடு உயரும் முறி, சேமலாப நிதிக்கு நிலையான வட்டி முறி

2022ஆம் ஆண்டுக்காக ஊழியர் சேமலாப நிதி அதன் அங்கத்தவர்களுக்கு 9 வீத வட்டியை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 57.2 வீதம். செப்டெம்பரில் அது 69.8 வரை போயிருந்தது. இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

நிதியில் பத்து இலட்சம் ரூபா வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அவரது கணக்கில் 10 இலட்சத்து 90 ஆயிரம் இருந்தது. 2021 டிசம்பரில் பத்து இலட்சத்துக்கு வாங்கிய அதே சாமான்களுக்கு இப்போது 15 இலட்சத்து 72 ஆயிரம் வேண்டும். ஆக அவரது 10 இலட்சத்து 90 ஆயிரத்தின் உண்மையான பெறுமதி, பழைய விலையில் சொன்னால், ஏழு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பாஸ்புத்தகத்தில் தொகை கூடியது; அந்தப் பணத்தால் வாங்கக்கூடிய அரிசியும் பருப்பும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துபோயின. யாரும் திருடவில்லை, கணக்கில் பிழையும் இல்லை. நிலையான வட்டி கொண்ட திறைசேரி முறிகளில் பெரும்பகுதியை முடக்கியிருக்கும் எந்த நிதிக்கும் இதுதான் நடக்கும்.

இதற்கு மாற்றாக ஒரு கருவி பல நாடுகளில் உண்டு. பிரித்தானியா 1981இலும் அமெரிக்கா 1997இலும் அதை வெளியிடத் தொடங்கின. பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட பிணைமுறி என்று அதைச் சொல்லலாம். சாதாரண முறியில் அரசு கடனாக வாங்கிய முதல் அப்படியே நிற்கும், வட்டியும் மாறாது. இணைக்கப்பட்ட முறியில் முதலே விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து ஏறும். வட்டி வீதம் சிறியதாக, நிலையானதாக இருக்கும். ஆனால் அது ஏறிய முதலின் மீது கணக்கிடப்படும்.

மேலே சொன்ன மனிதரின் பத்து இலட்சம், 3 வீத வட்டியுடன் அப்படியொரு முறியில் இருந்திருந்தால், சுட்டெண் 57.2 வீதம் ஏறியபோது முதல் 15 இலட்சத்து 72 ஆயிரமாகியிருக்கும். வட்டியாக அதன் 3 வீதம், ஏறத்தாழ 47 ஆயிரம். அவரது சாமான் கூடை சுருங்கியிருக்காது, கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருக்கும். நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக அமையாது. சுட்டெண் வெளியாவதற்கு நேரம் எடுப்பதால் அமெரிக்க முறிகள் மூன்று மாதம் பழைய சுட்டெண்ணையே பயன்படுத்துகின்றன. 2022 நடுப்பகுதியில் இங்கே விலைகள் ஏறிய வேகத்தில் மூன்று மாதத் தாமதமே ஒரு பெரிய தொகையாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் எல்லாச் சேமிப்பையும் இதில் போட்டால் என்ன? இங்கே ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. சாதாரண முறி 9 வீதம் தருகிறது, இணைக்கப்பட்ட முறி பணவீக்கத்துக்கு மேல் 3 வீதம் தருகிறது என்று வைத்தால், நடுக்கோடு 6. வருடங்களின் சராசரிப் பணவீக்கம் 6 வீதத்துக்குக் கீழே நின்றால் சாதாரண முறிதான் இலாபம். மத்திய வங்கியின் இலக்கு 5 வீதம். அந்த இலக்கை இருபது வருடம் காப்பாற்றுவார்கள் என்று நம்புகிறவருக்கு இணைக்கப்பட்ட முறி தேவையில்லை. நான் அவ்வளவு நம்பிக்கைக்காரன் இல்லை.

எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2012 ஜூலையில் அமெரிக்கா வெளியிட்ட பத்தாண்டு முறி ஒவ்வொரு ஆயிரம் டொலருக்கும் 2022 ஜூலையில் சுமார் 1,263 டொலராகத் திரும்பி வந்தது. விலைவாசி ஏறிய அளவு சரியாக அதுவே. ஆனால் அதை ஏலத்தில் வாங்கியவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 1,080 கொடுத்திருந்தார்கள். அந்த மேலதிக 80 டொலரையும், அற்பமான வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், பணவீக்கத்தைவிட வருடத்துக்கு ஏறக்குறைய அரை வீதத்துக்கும் சற்று மேல் பின்தங்கித்தான் முடித்தார்கள். அப்படியிருந்தும் அதே நேரம் சாதாரண பத்தாண்டு முறி வாங்கியவர்களை விட அவர்கள் மோசமில்லை.

இன்னொரு விடயம் பலரைக் குழப்புவது. 2022இல் அமெரிக்கப் பணவீக்கம் 9 வீதத்தைத் தாண்டியபோது, இந்த முறிகளை வாங்கி வைத்திருந்த கூட்டு முதலீட்டு நிதிகள் பத்து வீதத்துக்கும் மேல் நட்டப்பட்டன. காரணம், சந்தை வட்டி வேகமாக ஏறியபோது பழைய முறிகளின் விற்பனை விலை விழுந்தது. முதிர்ச்சி வரை வைத்திருந்தவருக்கு இந்த வீழ்ச்சி ஒரு பொருட்டே இல்லை. நடுவில் விற்க வேண்டிவந்தவருக்கு அடி விழுந்தது. ஓய்வுக்காக இருபது, முப்பது வருடம் காத்திருக்கும் சேமிப்புக்கு இது பொருந்துவதும், அடுத்த வருடம் வீடு கட்டப்போகிறவரின் பணத்துக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

விலைகள் குறைந்தால் முதலும் குறையும். இலங்கையில் 2024 செப்டெம்பரிலிருந்து பல மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது நினைவிருக்கும். அமெரிக்க முறியில் முதிர்ச்சியின்போது ஆரம்ப முதலுக்குக் குறையாமல் தருவார்கள் என்ற காப்பு உண்டு. இங்கே ஒரு நாள் இப்படியொரு முறி வந்தால் அந்த நிபந்தனை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நமது வாசகர்களுக்கு இதில் வேறொரு கேள்வியும் இருக்கிறது. முறியின் வட்டி வட்டிதான். அதில் விவாதத்துக்கு இடமில்லை. முதலைச் சுட்டெண்ணோடு ஏற்றுவது பற்றியும் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தெளிவாகவே பேசியிருக்கிறது: கடன் அதன் பெறுமதியால் அல்ல, அதே தொகையாலேயே திருப்பித் தரப்பட வேண்டும், விலைவாசியோடு இணைக்கக் கூடாது என்பது அதன் தீர்மானம். ஆகவே தன் விருப்பத்தில் முதலீடு செய்பவர் உலமாக்களிடம் கேட்டே ஆக வேண்டும். சொத்தை வாடகைக்கு விடும் இஜாரா அடிப்படையிலான சுகூக், வாடகையை அடுத்தடுத்த காலப்பகுதிகளுக்கு மாற்றிக்கொள்ள இடம் தருவதால், இதே தேவையை வேறு வழியில் நிறைவேற்றக்கூடும். ஆனால் சேமலாப நிதி நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கப்படும் அந்தப் பணம் எதில் போடப்படுகிறது என்பது நமது விவகாரமும்தான்.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது நிதியின் முறிகள் மாற்றப்பட்டு, ஆரம்ப வருடங்களில் 12 வீதமும் பின்னர் முதிர்ச்சி வரை 9 வீதமும் தரும் நீண்டகால முறிகள் கொடுக்கப்பட்டன. நிலையான வட்டி, எந்த இணைப்பும் இல்லை. 2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறியாளர்களுடன் கணக்கு முடித்தபோதோ, நாட்டின் பொருளாதார வளர்ச்சியோடு கொடுப்பனவு மாறும் முறிகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு முறியை ஒரு சுட்டியோடு கட்டிவிடுவது திறைசேரிக்குத் தெரியாத வித்தை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அரசுக்கு இதில் தயக்கம் இருப்பது விளங்குகிறது. நிலையான முறியில் கடன் வாங்கியவருக்குப் பணவீக்கம் ஒரு மறைமுகத் தள்ளுபடி. இணைக்கப்பட்ட முறியில் அந்தத் தள்ளுபடி கிடையாது. 2022இல் உள்நாட்டுக் கடன் முழுவதும் இப்படி இணைக்கப்பட்டிருந்தால் திறைசேரி தாங்கியிருக்காது என்பதும் உண்மை. அதனால் நான் கேட்பது முழுவதையும் அல்ல. நிதியை நிர்வகிக்கும் மத்திய வங்கியும் திறைசேரியும் இனி வாங்கும் நீண்டகால முறிகளில் ஒரு பகுதியையாவது இப்படி அமைக்கலாம்.

அப்படி அமைக்கும்போது எந்தச் சுட்டெண் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஆர்ஜென்டினாவில் 2007இலிருந்து அரசு புள்ளிவிபர நிறுவனத்தில் கைவைத்துப் பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டியபோது, இணைக்கப்பட்ட முறி வைத்திருந்தவர்களுக்கு வரவேண்டியது வரவில்லை. இங்கே அந்த நிலை இல்லை. ஆனால் கொழும்புச் சுட்டெண் கொழும்பு வாழ்க்கையின் கணக்கு. கல்முனையிலும் புத்தளத்திலும் இருந்து நிதிக்குப் பங்களிக்கும் தொழிலாளிக்கு, முழு நாட்டையும் உள்ளடக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் நியாயமான அளவுகோல்.