மாதம் என்னும் தவறான அளவுகோல்

நகரும் சராசரி விகித முறையை நாம் வகுப்பறையில் கற்பிக்கும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று கருதுகிறேன். பன்னிரண்டு மாத நகரும் சராசரியால் நீள்காலப் போக்கைக் கண்டறிகிறோம். ஒவ்வொரு மாத விற்பனையையும் அச்சராசரியால் வகுத்து, கிடைக்கும் விகிதங்களை மாதவாரியாகச் சராசரி எடுத்துப் பருவக் குறியீடு என்கிறோம். குளிர்பானத்துக்கும் குடைக்கும் இது பொருந்தும். வெயிலும் மழையும் ஏறத்தாழ ஒரே மாதங்களில்தான் வருகின்றன. பண்டிகைச் சரக்குக்கு இது பொருந்தாது.

கோலார் தங்கவயல் பகுதியைச் சேர்ந்த பூதிகோட்டையில் ஒரு துணிக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பண்டிகை நாட்கள் உண்மையானவை. சாதாரண மாதத்தில் 100 உருப்படிகள் விற்கின்றன; வளர்ச்சி ஏதுமில்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் கூடுதலாக 210 விற்கின்றன: முதல் இரு வாரங்களில் நாளுக்கு 5, கடைசி வாரத்தில் நாளுக்கு 20.

தீபாவளி 2021இல் நவம்பர் 4, 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31 ஆகிய நாட்களில் வந்தது. இதன்படி அக்டோபர் விற்பனை முறையே 250, 310, 150, 310. நவம்பர் விற்பனை 160, 100, 260, 100. சராசரி எடுத்தால் அக்டோபருக்கு 255, நவம்பருக்கு 155. நான்கில் 2021 மட்டுமே இந்தச் சராசரியை ஒத்திருக்கிறது, மற்ற மூன்று ஆண்டுகளும் ஒத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20. அக்டோபரில் 300 பேர் கேட்டு வருவார்கள். குறியீட்டை நம்பிய கடைக்காரர் 255 வைத்திருப்பார். பண்டிகைக்கு முன் 45 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். பண்டிகை முடிந்தபின் நவம்பருக்கென 155 வந்து இறங்க, 100 மட்டுமே விற்கும். மாறாக, 2026இல் தீபாவளி நவம்பர் 8. அக்டோபரில் 85 மிஞ்சினாலும் அதே சரக்கு நவம்பர் முதல் வாரத்தில் போய்விடும். பிழையின் அளவு இங்கே பெரிது, நட்டமோ சிறிது. எனவே சராசரிப் பிழையை மட்டும் பார்த்து ஒரு முறையை மதிப்பிடுவது போதாது; பண்டிகை முந்தி வரும் ஆண்டையும் பிந்தி வரும் ஆண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமானது, போக்கும் கெட்டுப்போவதுதான். 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரையிலான பன்னிரண்டு மாதங்களில் தீபாவளி விற்பனையில் 50 மட்டுமே அடங்குகிறது, மொத்தம் 1250. அடுத்த பன்னிரண்டு மாதங்களிலோ ஏறத்தாழ இரண்டு தீபாவளிகள் விழுகின்றன, மொத்தம் 1570. வளர்ச்சியே இல்லாத கடையில் நகரும் சராசரி 25 விழுக்காட்டுக்கும் மேலான வளர்ச்சியைக் காட்டும். அதை நீட்டி அடுத்த ஆண்டைக் கணிப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

காரணம் அதிக மாசம். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள். குறையை ஈடுகட்ட 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறோம். 2023இல் அப்படி ஒரு மாதம் வந்தது. பொங்கல் சூரியக் கணக்கில் அமைவதால் இந்தச் சிக்கலில் மாட்டாது. ரம்ஜான் பண்டிகையோ மாதம் கூட்டாத கணக்கைச் சார்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஹைதர் அலி பிறந்த ஊராகச் சொல்லப்படும் பூதிகோட்டை போன்ற இடத்தில் இந்த மூன்று நாட்காட்டிகளும் ஒரே கல்லாப்பெட்டியில் சந்திக்கின்றன. 2024இல் யுகாதி ஏப்ரல் 9, ரம்ஜான் ஏப்ரல் 11. 2025இல் மார்ச் 30, 31. 2026இலும் இரண்டும் மார்ச் மூன்றாம் வாரத்தில் ஓரிரு நாள் இடைவெளியில் வருகின்றன. இம்மூன்று ஆண்டுகளின் தரவை மட்டும் வைத்திருப்பவர், எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு விற்றது என்று பிரிக்கவே முடியாது. 2026இல் மீண்டும் அதிக மாசம் வருவதால் 2027இல் யுகாதி ஏப்ரலுக்குத் தாவும். ரம்ஜான் மார்ச் இரண்டாம் வாரத்துக்கு நகரும். ஒற்றைச் சிகரம் இரண்டாகப் பிளக்கும். 2023ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகம் இங்கே பொன் போன்றது. அவ்வாண்டு யுகாதி மார்ச் 22, ரம்ஜான் ஏப்ரல் 22.

வழி கடினமானதன்று. அன்றாட விற்பனையைப் 'பண்டிகைக்கு இத்தனை நாள் முன்' என்ற வரிசையில் அடுக்கி, பண்டிகைக் கூடுதலைத் தனியே அளக்க வேண்டும். அதை நீக்கிய எஞ்சிய தொடருக்கு மட்டும் போக்கும் மாதக் குறியீடும் காண வேண்டும். பிறகு அடுத்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கூடுதலை உரிய நாட்களில் வைக்க வேண்டும். இடம் மாறும் ஈஸ்டருக்காக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் X-13ARIMA-SEATS மென்பொருள் இத்தகைய சரிசெய்தலைத்தான் செய்கிறது. நம் பாடநூல்களின் பயிற்சிக் கணக்குகளிலோ தீபாவளிக்கென ஒரு பத்தியைக் காண்பது அரிது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நான்காண்டுத் தரவு என்பது நான்கே தீபாவளிகள். அவற்றில் சரக்குத் தீர்ந்துபோன நாட்களில் பதிவானது விற்பனைதான், தேவை அன்று. அந்த நாட்களைக் குறித்து வைக்காத பேரேட்டிலிருந்து எந்த முறையும் தேவையை மீட்டெடுக்காது.