வெள்ளைத் தட்டு ஏன் சாம்பலாகிறது?

பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படங்கள் செய்யும் மாணவர்களுக்கு ஒரு பரிகாரம் நன்றாகத் தெரியும். ரெண்டர் செய்த படம் உயிரில்லாமல், சாம்பல் பூத்ததுபோல் வந்தால், வண்ண மேலாண்மைப் பகுதியில் `View Transform` என்ற இடத்தில் `AgX` இருப்பதை `Standard` என்று மாற்றிவிட வேண்டும் என்பதே அது. மாற்றியதும் படம் கொஞ்சம் பளிச்சிடும் என்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான நேரங்களில் அது தவறான பரிகாரம் என்றே நான் சொல்வேன். அது நோயை விட்டுவிட்டு வேறு இடத்தில் மருந்து போடுகிறது.

தீபாவளி வாழ்த்து அட்டைக்கு ஒரு படம் செய்வதாக வைத்துக்கொள்வோம். மர மேசை மேல் ஒரு வெள்ளைத் தட்டு. பக்கத்தில் எரியும் அகல் விளக்கு. ஒரு பக்கத்திலிருந்து மென்மையான வெளிச்சம் விழுகிறது. ரெண்டர் முடிந்ததும் பார்த்தால் தட்டு சாம்பலாகவும் மேசை கறுப்பாகவும் தெரிகின்றன.

இப்போது எந்த அமைப்பையும் தொட வேண்டாம். முதலில் எண்ணைப் பாருங்கள். `Image Editor` சாளரத்தில் உள்ள `Sample` கருவியால் படத்தைத் தொட்டால், அந்தப் புள்ளியில் கணினி கணக்கிட்ட ஒளியின் அளவு கீழே தெரியும். நம் படத்தில் தட்டின் வெளிச்சமான பக்கம் 0.2 என்றும், மேசை 0.04 என்றும் இருக்கின்றன. விளக்கின் சுடரில் சிவப்பு 2.5, பச்சை 1, நீலம் 0.125.

இவை திரையின் வண்ண எண்கள் அல்ல, காட்சியில் உள்ள ஒளியின் அளவுகள். இவற்றுக்கு மேல் வரம்பு இல்லை. வெயிலில் மின்னும் உலோகம் 50 என்றுகூட வரலாம். ஆனால் சாதாரணத் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம் உண்டு. பெரிய ஒளி வீச்சை அந்தச் சிறிய இடத்துக்குள் அடக்கும் வேலைக்குத்தான் டோன் மேப்பிங் என்று பெயர்.

`Standard` இந்த வேலையைச் செய்வதே இல்லை. 1 வரை உள்ள அளவுகளைத் திரைக்கு ஏற்ற எண்ணாக மாற்றிவிட்டு, 1க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது. `AgX` அப்படி வெட்டாமல், வெளிச்சம் கூடக் கூட மெல்ல மெல்ல அமுக்குகிறது. பிளெண்டரில் 2019இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து `Filmic` என்ற இதேபோன்ற முறை இயல்பு அமைப்பாக இருந்தது. 2023இல் வந்த 4.0 பதிப்பில் அந்த இடத்துக்கு `AgX` வந்தது.

தட்டின் 0.2 என்ற அளவு `Standard` முறையில் திரையில் ஏறத்தாழ 124 ஆகிறது. அது 255இல் பாதி, அதாவது நடுச்சாம்பல். `AgX` முறையிலும் அந்த அளவு நடுச்சாம்பலுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஆகவே எந்த முறைக்கு மாறினாலும் தட்டு வெள்ளையாகப் போவதில்லை. மாற்றியதும் பளிச்சென்று தெரிவது சுடர் போன்ற வெளிச்சமான பகுதிகளும் அடர்ந்த நிறங்களும்தான். தட்டு சாம்பலாகத் தெரியக் காரணம், படத்துக்கு ஒளி போதவில்லை என்பதே.

எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து சொல்லவும் வழி இருக்கிறது. புகைப்படக்காரர்கள் தங்கள்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் பயன்படுத்துவார்கள். அதையே நாமும் செய்யலாம். தட்டுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி, பளபளப்பில்லாத ஒரு சிறு சதுரத்தை வைத்து அதன் நிற அளவை 0.18 என்று கொடுங்கள். மீண்டும் ரெண்டர் செய்து அளந்தால் நம் காட்சியில் அது 0.045 என்று காட்டுகிறது. 0.18 வர வேண்டிய இடத்தில் அதில் கால் பங்குதான் வந்திருக்கிறது.

வண்ண மேலாண்மைப் பகுதியில் `Exposure` என்ற எண் உண்டு. அதை 1 கூட்டினால் ஒளி இரு மடங்காகும், 2 கூட்டினால் நான்கு மடங்காகும். நமக்கு வேண்டியது நான்கு மடங்கு, எனவே 2 என்று கொடுக்கிறோம். தட்டு 0.8 ஆகிறது, மேசை 0.16 ஆகிறது. தட்டு இப்போது வெள்ளை என்று கண் ஏற்றுக்கொள்ளும். சதுரத்தை அகற்றிவிடலாம்.

இனி சுடரைப் பாருங்கள். அதுவும் நான்கு மடங்காகி, சிவப்பு 10, பச்சை 4, நீலம் 0.5 என்று நிற்கிறது. இங்கேதான் `Standard` காலை வாருகிறது. 1க்கு மேல் உள்ளதை வெட்டியதும் சிவப்பும் பச்சையும் சமமாகிவிடுகின்றன. சிவப்பும் பச்சையும் சமமாகக் கலந்தால் மஞ்சள். செம்மஞ்சளாக இருக்க வேண்டிய சுடர், உள்விவரம் ஏதும் இல்லாத வெளிர்மஞ்சள் திட்டாகிவிடும். `AgX` அந்தச் சுடரைப் படிப்படியாக வெண்மையை நோக்கி நகர்த்துகிறது. உண்மையான நெருப்பைப் படம் எடுத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

`AgX` படம் சற்று மென்மையாகத்தான் இருக்கும். சுடருக்கு மேலே இடம் விட்டுவைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது. அந்த மென்மை பிடிக்கவில்லை என்றால் `Look` என்ற இடத்தில் `Medium High Contrast` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது கடைசிப் படி. ஒளியைச் சரிசெய்யாமல் அதை முதலில் தொட்டால், இருட்டான பகுதிகள் இன்னும் இருண்டுபோகும்.

படம் முழுவதும் சரியாக இருந்து, மேசை மட்டும் வெளிறித் தெரிந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. மரத்தின் படத்தை ஏற்றிய இடத்தில் `Color Space` என்பது `sRGB` என்று இருக்க வேண்டும். தவறுதலாக `Non-Color` என்று இருந்தால், கோப்பில் 0.5 என்று உள்ள நிறம் 0.21 ஆக மாற்றப்படாமல் 0.5 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும். 0.2 என்று உள்ள கருநிறம் 0.03 ஆகாமல் 0.2 ஆகவே நின்றுவிடும். வெளிர்நிறத்தைவிடக் கருநிறம் பல மடங்கு கூடுதலாக வெளுப்பதால் மரத்தின் ரேகைகள் மங்கிப்போகின்றன. சொரசொரப்பைக் குறிக்கும் படங்கள் போன்றவற்றுக்கு `Non-Color` சரியானது, ஏனெனில் அவை நிறங்கள் அல்ல, அளவுகள்.

`Standard` முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிச் சின்னம், வரைபடம் போன்றவற்றில், கொடுத்த நிறம் அப்படியே வர வேண்டும். அங்கே அதுதான் சரி. ஒளியும் நிழலும் உள்ள காட்சிக்கு அது பொருந்தாது.

இந்த அமைப்புகளால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. தட்டின் வெளிச்சப் பக்கம் 0.2, நிழல் பக்கம் 0.15 என்றால், நான்கு மடங்காக்கிய பிறகு அவை 0.8, 0.6 ஆகும். விகிதம் கொஞ்சமும் மாறவில்லை, தட்டு தட்டையாகவே தெரியும். அப்போது திருத்த வேண்டியது விளக்குகளின் இடத்தையும் வலுவையும்தான். ஆகவே அடுத்த முறை படம் சாம்பலாக வந்தால், வெளிச்சத்தில் ஒரு புள்ளியையும் நிழலில் ஒரு புள்ளியையும் முதலில் அளந்துவிடுங்கள். கை வைக்க வேண்டிய இடம் விளக்கா, `Exposure` எண்ணா என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.